மிளகாய் இலையில் புள்ளி: இந்தப் படத்தை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம்?

கோப்பாய் இளவல்

வணக்கம். எங்கள் தோட்டம் கோப்பாயில், செம்மண். கார்த்திகை நடுப்பகுதியில் மிளகாய்க் கன்று நட்டோம். மழை விட்ட பிறகு செடி நன்றாகத் தெளிந்து பூக்கவும் தொடங்கிவிட்டது. கடந்த கிழமையிலிருந்து கீழ் இலைகளில் புள்ளி விழுகிறது. புள்ளி கூடிய இலை மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிறது.

ஓர் இலையைப் பிடுங்கி, நேற்று மாலை கைபேசியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். படம் திறக்காதவர்களுக்காக எழுதியும் விடுகிறேன்: இலை முழுவதும் பழுப்புப் புள்ளிகள், சிலவற்றின் நடுப்பகுதி வெள்ளை, சுற்றிவர மஞ்சள்.

அப்பா மருந்துக்கடைக்குப் புறப்பட்டு நின்றார். என்ன நோய் என்று தெரியாமல் எதை வாங்குவது என்று சொல்லி மறித்து வைத்திருக்கிறேன். அதிக நாள் மறிக்க முடியாது. இது என்ன நோய் என்று யாராவது சொல்லுங்கள்.

புத்தூர்த் தோட்டம்

தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தவளைக் கண் புள்ளி. நடுவில் வெளுப்பு, சுற்றிவரக் கடும் பழுப்பு வளையம், தவளையின் கண்ணைப் போல இருக்கிறதல்லவா? பங்கசு நோய். மாரி முடிந்து பனி விழுகிற காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பக்கத்தில் வரும். மங்கோசெப் வாங்கி, பெட்டியில் போட்டிருக்கிற அளவில் கலந்து அடியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தரம். நான் செய்வது அதுதான்.

வெள்ளவத்தை மாடித்தோட்டம்

எனக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. சாடியில் வைத்திருக்கும் மிளகாய்ச் செடியின் நுனி இலைகள் எல்லாம் சுருண்டு தடித்துவிட்டன. புள்ளி இல்லை, ஆனால் இலை வளரவே இல்லை. நானும் மங்கோசெப் அடிக்கலாமா? சாடிக்கு எவ்வளவு கலக்க வேண்டும்?

நீர்வேலி மதி

இளவல், தாவர நோய் ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். படத்தைப் பெருப்பித்து நன்றாகப் பார்த்தேன். முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுகிறேன். பெயர் வைப்பது அதற்குப் பிறகு.

ஓர் இலையின் மேற்பக்கம் மட்டும் தெரிகிறது. காம்புப் பக்கத்தை உங்கள் பெருவிரல் மறைத்திருக்கிறது. நடு நரம்பின் ஓரமாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. அது கைபேசி வெளிச்சத்தின் பளபளப்பு, இலையில் உள்ளது அல்ல. புள்ளிகள் பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில் இருக்கலாம், ஆனால் அவை எல்லாம் ஒரே வகை அல்ல. ஆறோ ஏழோ பெரியவை. வட்டமாக, நடுவில் சாம்பல் கலந்த வெள்ளையாக, கடும் பழுப்பு விளிம்போடு இருக்கின்றன. அவற்றில் இரண்டின் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. மற்றவை சிறியவை. நடுவில் வெளுப்பே இல்லாமல் முழுவதும் கறுப்புக்குக் கிட்டிய பழுப்பு. வட்டம் என்று சொல்ல முடியாதபடி மூலை மூலையாக இருக்கின்றன. பெரும்பாலும் இலை ஓரத்திலும் நுனியிலும் கூட்டமாக இருக்கின்றன. இரண்டு சிறு புள்ளிகள் ஒரு கிளை நரம்பின் வழியே ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

"சுற்றிவர மஞ்சள்" என்று எழுதியிருந்தீர்கள். அதை உறுதியாக ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இலையில் பாதி ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. மாலை வெயிலும் மஞ்சள். புள்ளியைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் இருக்கிறதா, அல்லது மஞ்சள் இலையில் புள்ளி இருக்கிறதா என்று இந்தப் படத்தில் பிரிக்க முடியாது. அளவுக்குப் பக்கத்தில் எதுவும் வைக்காததால் "பெரியது", "சிறியது" என்று நான் சொல்வதும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்வதுதான்.

இனி, இவை எவையாக இருக்கலாம்? பெரிய புள்ளிகளை மட்டும் பார்த்தால் புத்தூர் அண்ணா சொன்னதுதான் எனக்கும் முதலில் தோன்றுகிறது. செர்க்கஸ்போரா என்ற பங்கசு உண்டாக்கும் தவளைக் கண் புள்ளிக்கு அந்த உருவம் பொருந்தும். பொருந்தாதவை சிறியவை. அவை அதே பங்கசின் இளம் புள்ளிகளாக இருக்கலாம். அப்படி இல்லாமல், சாந்தோமோனாஸ் என்ற பக்டீரியாவால் வரும் இலைப்புள்ளியாகவும் இருக்கலாம். மூலை வைத்த உருவம், ஓரத்தில் கூட்டமாக இருப்பது, இலை சீக்கிரம் மஞ்சளாகி உதிர்வது எல்லாம் அதற்கும் உரியவை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பக்டீரியாப் புள்ளியும் முதிர்ந்தால் நடுவில் காய்ந்து, வெளுத்து, கடதாசி போலாகி உதிரும். ஆகவே நடு வெளுப்பை மட்டும் வைத்துப் பங்கசு என்று முடிவு கட்ட முடியாது.

இந்தப் படம் ஒன்றை மட்டும் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றால், பங்கசின் பக்கம் சற்றுச் சாய்வேன். மருந்து வாங்கச் சொல்லும் அளவுக்கு அல்ல. மங்கோசெப் பங்கசுக்குத்தான். பக்டீரியாவுக்கு எதிராக அதைத் தனியாக அடித்துப் பயனில்லை. நோய் எது என்பது இங்கே காசு விடயமும்தான்.

நாளை காலை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புள்ளி விழத் தொடங்கிய, இன்னும் பச்சையாக இருக்கிற இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதலில் பனி ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பனியையே நோயின் ஈரம் என்று எண்ண நேரும். பிறகு இலையை வானத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிறு புள்ளிகளின் விளிம்பு எண்ணெய் பட்ட கடதாசியைப் போல ஒளி ஊடுருவக் கூடியதாகத் தெரிகிறதா என்று சொல்லுங்கள். காய்கள் இருந்தால் அவற்றில் சொரசொரப்பாக மேலெழும்பிய பொருக்கு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். தோட்டத்தில் எந்தப் பக்கத்தில் கூடுதல், எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள், கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள் என்பதும் வேண்டும்.

படம் எடுக்கும்போது வெளிச்சத்தை அணைத்துவிட்டு, நிழலில் வெள்ளைத் தாளின் மேல் இலையை வைத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள். மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, முழுச் செடி ஒன்று. வாட்ஸ்அப் வழியாக உங்களுக்கே அனுப்பி எடுத்த படத்தைப் போடாதீர்கள், நேராகக் கைபேசியிலிருந்து போடுங்கள். அது படத்தைச் சுருக்கிவிடுவதால் புள்ளியின் நடுவில் உள்ள நுண்ணிய கறுப்புகள் எல்லாம் கரைந்துவிடும்.

வெள்ளவத்தையில் இருப்பவருக்கு: உங்கள் செடியின் பிரச்சினை இது அல்ல. இலை ஓரம் மேல்நோக்கித் தோணி போல மடிந்தால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கி மடிந்து அடிப்பக்கம் பழுப்பேறினால் சிற்றுண்ணியையும் முதலில் சந்தேகிக்கலாம். வைரசும் சுருட்டும். மங்கோசெப் இவற்றில் எதற்கும் உதவாது. நுனி இலையின் அடிப்பக்கப் படத்தோடு தனி இழை தொடங்குங்கள், வந்து பார்க்கிறேன்.

பருத்தித்துறை நாதன்

நோய் நோய் என்று எல்லோரும் ஓடுகிறீர்கள். கிணற்றுத் தண்ணீரை யாரும் கேட்கவில்லையே. எங்கள் பக்கத்தில் உவர் ஏறிய கிணற்றுத் தண்ணீர் பட்டே இலை எல்லாம் கருகிப் போன தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைச் சோதிக்காமல் மருந்து அடிப்பது வீண்.

நீர்வேலி மதி

நாதன் அண்ணா, கேட்க வேண்டிய கேள்விதான். உவர் வேரின் வழியே ஏறினால் பொதுவாக இலையின் நுனியும் ஓரமும் தொடர்ச்சியாகக் கருகும், இப்படித் தனித்தனி வட்டமாக வராது. ஆனால் உவர்த் தண்ணீரை இலையின் மேல் தூவினால், துளி நின்று காய்ந்த இடங்களில் புள்ளி புள்ளியாகவும் கருகலாம். அப்படியானால் தூவல் படுகிற செடிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும், பக்கத்தில் உள்ள வேறு பயிரிலும் தெரிய வேண்டும். இளவல், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கோப்பாய் இளவல் (மறுநாள்)

விடியப் போய்ப் பார்த்தேன். புதிய படங்கள் மூன்று இணைத்திருக்கிறேன். அடிமட்டத்தின்படி பெரிய புள்ளிகள் ஐந்து முதல் ஏழு மில்லிமீற்றர். சிறியவை ஒன்று முதல் இரண்டு.

இலையை ஒற்றி எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பெரிய புள்ளிகளில் எண்ணெய்த் தன்மை எதுவும் இல்லை. சிறியவற்றில் சிலவற்றின் ஓரம் கரும்பச்சையாக, ஈரம் ஊறியது போலத் தெரிந்தது. எல்லாவற்றிலும் இல்லை. எனக்கு முன் அனுபவம் இல்லாததால் அது நீங்கள் சொன்னதுதானா என்று உறுதி சொல்ல முடியாது.

காய்கள் இப்போதுதான் பிடிக்கின்றன. பிடித்தவற்றில் பொருக்கு எதுவும் இல்லை. பெரிய புள்ளி தோட்டம் முழுவதும் கீழ் இலைகளில் இருக்கிறது. சிறிய புள்ளி கிழக்குப் பக்கப் பாத்திகளில் நடு இலைகளிலும், நுனிக்குக் கிட்டவும்கூட இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குத்தான் தூவல் குழாய் வைத்து மாலையில் தண்ணீர் விடுகிறோம். மற்றப் பக்கத்துக்கு வாய்க்கால் வழியாக இறைக்கிறோம். அதே தூவல் எங்கள் கத்தரிப் பாத்தியிலும் படுகிறது, கத்தரியில் எந்தப் புள்ளியும் இல்லை. கிணறு நல்ல தண்ணீர், குடிக்கிறோம்.

இன்னொன்று. புள்ளி தெரிவதற்குச் சில நாள் முன்பு பனிப்பூச்சிக்கென்று ஒரு பூச்சிமருந்தையும் இலையில் விசிறும் திரவ உரத்தையும் ஒன்றாகக் கலந்து, மதியத்துக்குச் சற்று முன் அப்பா அடித்தார். வெயில் நன்றாக இருந்தது.

புத்தூர்த் தோட்டம்

பக்டீரியாவும் இருக்கலாம் என்றால் மங்கோசெப்போடு செப்பு மருந்தையும் கலந்து அடித்துவிட வேண்டியதுதானே. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வேலை. மதி அக்கா, உங்கள் அறிவை மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாளும் இலை உதிர்கிறது. நிழல் தருகிற இலை போய்விட்டால் காய் வெயிலில் வெந்துபோகும், விலையும் கிடைக்காது. ஆய்வுகூடத்தில் காத்திருக்கலாம், தோட்டத்தில் காத்திருக்க முடியாது.

நீர்வேலி மதி

அண்ணா, காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நாளை மழை என்று வானம் சொல்லியிருந்தால் நானே "இன்றைக்கே அடியுங்கள்" என்று எழுதியிருப்பேன். இரண்டு நோயும் நனைந்த இலையில்தான் பரவுகின்றன. இப்போது பகலில் நல்ல வெயில், இரவில் பனி மட்டும். இரண்டொரு நாள் பொறுத்தால் பெரிய சேதம் வராது என்று நினைக்கிறேன்.

இளவல், உங்கள் விவரங்கள் சில வழிகளை அடைத்துவிட்டன. கத்தரி சுத்தமாக இருக்கிறது, கிணறு குடிநீர். ஆகவே உவரை நான் ஒதுக்கி வைக்கிறேன். மருந்துக் கருக்கல் அவ்வளவு எளிதில் ஒதுங்காது. இரண்டைக் கலந்து வெயில் ஏறிய நேரத்தில் அடித்தால் துளி தேங்கிய இடங்களில் இலை கருகும், அந்தப் புள்ளியும் வெளுத்துத்தான் காயும். ஆனால் கருக்கல் ஒரே நாளில் விழுவது, பிறகு வளராது. அடித்த அன்று குருத்துக்குள் மடிந்திருந்த இலையில் அது வரவும் முடியாது. நுனிக்குக் கிட்டவும் சிறு புள்ளி இருக்கிறது என்கிறீர்கள். அந்த இலைகள் மருந்து அடித்த பிறகு விரிந்தவை என்றால், குறைந்தபட்சம் அந்தப் புள்ளிகளுக்கு மருந்து காரணம் அல்ல. கீழ் இலையில் உள்ளவற்றில் ஒன்றிரண்டு கருக்கலாகவும் இருக்கலாம், அதை இனிப் பிரிக்க வழி இல்லை.

எஞ்சியிருப்பது மூன்று. எல்லாம் பங்கசு, எல்லாம் பக்டீரியா, அல்லது இரண்டும் சேர்ந்து. இரண்டாவது படத்தில் சிறு புள்ளியின் விளிம்பு எனக்கும் ஈரம் ஊறியதாகத்தான் தெரிகிறது. பெரியது தோட்டம் முழுவதும் கீழ் இலையில், சிறியது தூவல் விழும் பக்கத்தில் மேலேயும் என்று இடம் பிரிந்து நிற்பதால் இரண்டும் சேர்ந்திருப்பதையே கூடுதலாகச் சந்தேகிக்கிறேன். தெறிக்கும் தண்ணீர் பக்டீரியாவுக்கு வண்டி வாகனம். ஆனால் பங்கசும் தூவல் பக்கத்தில் கூடும் என்பதால் இது சாட்சியே தவிரத் தீர்ப்பு அல்ல.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பெரிய புள்ளி உள்ள இலை இரண்டு, சிறியது மட்டும் உள்ள இலை இரண்டு எடுங்கள். முற்றாக மஞ்சளானவை வேண்டாம். நனைத்துப் பிழிந்த தாள் துண்டை ஒரு மூடியுள்ள பெட்டியில் விரித்து, இலைகள் ஒன்றோடொன்று தொடாமல் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு, போதாவிட்டால் இன்னோர் இரவு வைத்திருங்கள். பிறகு புள்ளியின் நடுவை உருப்பெருக்குக் கண்ணாடியால் சாய்வாகப் பாருங்கள், பக்கத்திலிருந்து ரோச் வெளிச்சம் விழட்டும். பங்கசு என்றால் நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர் போல எழும்பும். பக்டீரியா அப்படி மயிர் விடாது.

பருத்தித்துறை நாதன்

நல்ல தண்ணீர் என்றால் என் பேச்சை விடுகிறேன். ஆனாலும் கோடை கிட்டும்போது ஒருமுறை உவரைச் சோதியுங்கள். இப்போது மழைநீர் மேலே நிற்கிறபடியால் இனிக்கும்.

கோப்பாய் இளவல் (இரண்டு நாள் கழித்து)

பெட்டியில் வைத்துப் பார்த்தேன். முதல் இரவு முடிந்ததும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் பெரிய புள்ளிகளில் பெரும்பாலானவற்றின் நடுவில் சாம்பல் நிறப் பொடி படிந்தது போல இருந்தது. தங்கையின் பள்ளிக்கூடக் கண்ணாடியால் பார்த்தபோது மயிர் மயிராகத் தெரிந்தது. சிறிய புள்ளிகளில் எதுவும் இல்லை. அவற்றின் ஓரம் மட்டும் முன்பைவிட அகன்று கறுத்திருந்தது. அப்படியானால் பெரியது பங்கசு, சிறியது பக்டீரியா என்று வைத்துக்கொள்ளலாமா?

புத்தூர்த் தோட்டம்

மயிர் விட்டதல்லவா? தவளைக் கண் என்று முதல் நாளே சொன்னேன்.

நீர்வேலி மதி

அண்ணா, பெரிய புள்ளிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதற்கு இப்போது வலு கூடியிருக்கிறது. முழு வலு வரவில்லை. செத்த இழையத்தில் வேறு பங்கசுகளும் வந்து குடியேறும். அல்ற்றநேரியா அப்படி அடிக்கடி வருவது. பக்டீரியா கொன்ற இடத்தில் அது பின்னால் வந்து மயிர் விட்டாலும் உங்கள் தங்கையின் கண்ணாடிக்கு இதே போலத்தான் தெரியும். நுணுக்குக்காட்டியில் வித்தியின் உருவத்தைப் பார்த்தால் உடனே பிரித்துவிடலாம்: செர்க்கஸ்போராவின் வித்தி நிறமற்று, ஊசி போல நீண்டிருக்கும், அல்ற்றநேரியாவினது பழுப்பாக, தடித்து, குறுக்கும் நெடுக்கும் சுவர் வைத்திருக்கும். கண்ணாடியில் அது தெரியாது.

இளவல், சிறியவற்றில் மயிர் இல்லை என்பது பக்டீரியாவுக்குச் சார்பான செய்தி, ஆனால் பலவீனமான செய்தி. இளம் பங்கசுப் புள்ளியும் இரண்டு இரவுக்குள் வித்தி விடாமல் இருக்கலாம். ஓரம் அகன்று கறுத்தது என்ற குறிப்பு அதைவிடப் பயனுள்ளது. கருக்கல் பெட்டிக்குள் வளராது. ஆகவே சிறிய புள்ளிக்குள் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. எது என்பதை நான் பத்தில் ஏழு பங்கு பக்டீரியா என்பேன். இது கணக்கிட்டுச் சொன்னது அல்ல, என் சாய்வு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னது.

இனிச் செய்வதைப் பற்றி. சில வேலைகளுக்கு நோயின் பெயர் தேவையே இல்லை. மாலைத் தூவலை இன்றே நிறுத்துங்கள். மாலையில் நனைந்த இலை இரவுப் பனியோடு சேர்ந்து விடியும்வரை நனைந்தே இருக்கும். முடிந்தால் கிழக்குப் பாத்திகளுக்கும் வாய்க்கால் இறையுங்கள். முடியாவிட்டால் காலையில் பனி காயத் தொடங்கும் நேரத்தில் தூவுங்கள், அப்போது இரண்டு ஈரமும் ஒன்றாகவே காயும். இலை நனைந்திருக்கும்போது பாத்திக்குள் யாரும் இறங்க வேண்டாம், களை பிடுங்கவும் வேண்டாம். கையும் சட்டையும் பக்டீரியாவைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். காய்ந்த பிறகு மேற்குப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டுக் கிழக்கே போங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளித் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள், எருக்குவியலில் போட வேண்டாம்.

மருந்து அடிப்பதானால், இந்த நிலையில் நான் தேர்வது செப்பு. பங்கசையும் ஓரளவு தடுக்கும், பக்டீரியாவையும் ஓரளவு தடுக்கும். மங்கோசெப்பைச் செப்போடு சேர்த்தால் பக்டீரியாவுக்கு எதிராகச் செப்பின் வேகம் கூடும் என்பது உண்மை. அந்த அளவில் புத்தூர் அண்ணா சொன்ன கலவை தவறானது அல்ல. ஆனால் இரண்டு பெட்டியின் குறிப்பிலும் கலக்கலாம் என்று இருந்தால் மட்டும் செய்யுங்கள். உங்கள் இலை ஏற்கெனவே ஒரு கலவையைத் தாங்கியிருக்கிறது. குறிப்பில் உள்ள அளவுக்கு மேல் ஒரு கரண்டியும் வேண்டாம். இலை காய்ந்திருக்கும் காலை நேரத்தில், வெயில் ஏறுமுன் அடியுங்கள். பச்சை மிளகாய் விற்கிறபடியால், அடித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய நாட்களையும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். செப்புக்குப் பழகிவிட்ட சாந்தோமோனாஸ் பல நாடுகளில் உண்டு, ஆகவே அது உங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் என்றும் நான் உறுதி தர முடியாது. அதைச் செடிதான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வழி. மருந்து அடிக்கும் அன்று, கிழக்கில் சில செடிகளிலும் மேற்கில் சில செடிகளிலும், முழுதாக விரிந்த மிக இளைய இலையின் காம்பில் நிற நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பழைய புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. அதைப் பார்த்து "கேட்கவில்லை" என்று மீண்டும் மீண்டும் அடிப்பதுதான் எங்கும் நடக்கிறது. நூலுக்கு மேலே விரிகிற இலையை மட்டும் பாருங்கள். இரு பக்கத்திலும் ஒவ்வொரு வரிசையை மருந்து அடிக்காமல் விட்டால் ஒப்பிட இன்னும் நல்லது.

கோப்பாய் இளவல்

வரிசையை அடிக்காமல் விடுவதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. கெஞ்சிக் கேட்டதில் கிழக்குக் கோடியில் நான்கு செடியை விட்டார். நாளை காலை செப்பு மட்டும் அடிக்கிறோம். தூவலை நிறுத்தியாகிவிட்டது.

புத்தூர்த் தோட்டம்

நான் மங்கோசெப் மட்டும்தான் அடித்து வருகிறேன், எனக்குக் கேட்கிறது. ஆனால் எங்களிடம் தூவல் இல்லை, எல்லாம் வாய்க்கால். அதனால்தான் கேட்கிறதோ என்று இப்போது யோசிக்கிறேன். தம்பி, நூல் கட்டியதன் முடிவைக் கட்டாயம் எழுதுங்கள். நானும் நாளை கட்டப் போகிறேன்.

கோப்பாய் இளவல் (அடுத்த கிழமை)

நூலுக்கு மேல் விரிந்த இலைகளைப் பார்த்தேன். மேற்குப் பக்கத்தில் சுத்தமாக இருக்கின்றன. கிழக்கில் மருந்து அடித்த செடிகளில் பெரிய புள்ளி புதிதாக இல்லை, சிறிய புள்ளி அங்கங்கே இரண்டு மூன்று. மருந்து அடிக்காமல் விட்ட நான்கு செடியிலும் சிறிய புள்ளி அதைவிடக் கூடுதலாக இருக்கிறது, ஆனால் வித்தியாசம் அடித்துச் சொல்லும்படி இல்லை. ஒரு காயில் ஊசிமுனை அளவில் மேலெழும்பிய புள்ளி ஒன்று தெரிகிறது. அது நோயா, பூச்சி குத்தியதா தெரியவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

அப்பா இந்தச் செடிகளில் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட நினைத்திருந்தார். விடலாமா?

நீர்வேலி மதி

காய்ப் படத்தில் அந்தப் புள்ளி தெளிவாக இல்லை. பூச்சி குத்தியதாகவும் இருக்கலாம். நான்கு செடியை வைத்து மருந்து வேலை செய்தது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, தூவலை நிறுத்தியதும் அதே நாளில் நடந்ததால் எது உதவியது என்றும் பிரிக்க முடியாது. பெரிய புள்ளி நின்றுவிட்டது, சிறியது தூவல் பட்ட பக்கத்திலேயே தொடர்கிறது என்ற அளவில், இரண்டு நோயும் சேர்ந்திருக்கின்றன என்ற என் எண்ணம் பலப்பட்டிருக்கிறது.

இனி இதை ஓர் ஆய்வுகூடம் பார்க்க வேண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள், முதலில் 1920-க்கு அழைத்துக் கேட்டும் போகலாம். திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் வழியாக அனுப்புவது எளிது. சிறு புள்ளி தொடங்கிய பச்சை இலைகள், பெரிய புள்ளி உள்ளவை, அந்தக் காய் ஆகியவற்றைக் காலையில் பறித்து, வகைக்கு ஒன்றாக உலர்ந்த பத்திரிகைத் தாளில் மடித்துக் கொண்டுபோங்கள். நனைந்த இலையைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் போய்ச் சேருமுன் அழுகிவிடும். செப்பு அடித்த திகதியையும் எழுதிக் கொடுங்கள், மருந்து பட்ட இலையிலிருந்து பக்டீரியாவை வளர்த்தெடுப்பது கடினம். மருந்து அடிக்காத நான்கு செடி இப்போது பயன்படும், அவற்றிலிருந்தே கூடுதலாகப் பறியுங்கள்.

விதையைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. முடிவு வரும்வரை இந்தத் தோட்டத்தில் விதைக்கு விட வேண்டாம். சாந்தோமோனாஸ் விதையோடு போகும். அடுத்த நாற்றுமேடையில் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கி, நடும்போது தோட்டம் முழுவதும் பரவிவிடும். விதையை ஏறக்குறைய 52 பாகை வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. சூடு கொஞ்சம் ஏறினால் விதை செத்துவிடும், குறைந்தால் பக்டீரியா தப்பிவிடும். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் அதைச் செய்ய அப்பாவை விடாதீர்கள்.

கோப்பாய் இளவல்

போதனாசிரியரோடு கதைத்தேன். வியாழக்கிழமை தோட்டத்துக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான்கு செடியிலும் அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம் என்று குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். விதைக்கு வேறு இடம் பார்க்க அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். புத்தூர் அண்ணா, உங்கள் நூல் கட்டிய இலைகள் எப்படி இருக்கின்றன?

புத்தூர்த் தோட்டம்

மேல் இலை சுத்தம். ஆனால் கரையோரம் ஒரு செடியில் உங்களுடையதைப் போலவே மூலை வைத்த சிறு புள்ளி மூன்று இருக்கிறது, வெளுப்பு இல்லை. நாளை விடியத் துணியால் ஒற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன். அடிமட்டமும் வைப்பேன். மதி அக்கா, பார்த்துச் சொல்லுங்கள்.